பருவமழை அனிமேஷன்: முதலில் அம்பு, பிறகு குரல்

"பருவமழை எப்படி உருவாகிறது என்று பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு விளக்கும் மூன்று நிமிட அனிமேஷனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். நகரும் வரைபடம், அம்புக்குறிகள், பின்னணிக் குரல் எல்லாம் உண்டு. தகவல்களைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மாதிரியைப் பார்த்தவர்கள் அம்புகள் குழப்புகின்றன, குரலும் படமும் ஒட்டவில்லை என்கிறார்கள். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?"

அம்புகளிலிருந்து தொடங்குங்கள். வசனத்தை எழுதி முடித்துவிட்டு அதற்குத் தகுந்தாற்போல் அம்பு வரைவதுதான் பலரின் வழக்கம். என் முதல் இரண்டு வீடியோக்களை நானும் அப்படித்தான் செய்தேன். பருவமழைக்கு அது ஒத்துவராது. காற்று எங்கே கிளம்புகிறது, எங்கே வளைகிறது, எங்கே மேலே ஏறுகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் முக்கால் பங்கு. அதை அம்பு சொல்லிவிடும். ஏன் வளைகிறது, ஏன் ஏறுகிறது என்பதை அம்பால் சொல்ல முடியாது, குரல் அதற்குத்தான்.

திரை முழுக்க நூறு அம்புகளை ஓடவிடாதீர்கள். ஒரே ஒரு காற்றுத் துண்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பின்தொடருங்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே, தென் இந்தியப் பெருங்கடலில் அதைக் கிளப்புங்கள். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நிலநடுக்கோட்டைத் தாண்டட்டும். அரபிக்கடலைக் கடந்து கேரளக் கரைக்கு வரட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, மறுபக்கம் தமிழ்நாட்டில் இறங்கட்டும். பிறகு ஒரு வெட்டு. அக்டோபரில் காற்று திசை மாறி நமக்கு மழை தரும் காட்சி. மூன்று நிமிடத்துக்கு இவ்வளவே அதிகம். திபெத்தியப் பீடபூமி, மேலடுக்கு ஜெட் காற்று, எல் நினோ எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால்கூட மேலே சொன்ன பயணத்தில் ஒரு பகுதியை வெட்டவேண்டி வரும்.

அம்பு வரைவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "கோடையில் நிலம் கடலைவிடச் சூடாகிறது, சூடான காற்று மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது, மழை பெய்கிறது" என்றுதான் உங்கள் ஸ்கிரிப்டும் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். இது பழைய விளக்கம். 1686-இல் எட்மண்ட் ஹாலி பருவக்காற்றுகளை வரைபடத்தில் குறித்து, சூரிய வெப்பத்தைக் காரணமாகச் சொன்னார். விளக்கம் பொய்யல்ல, ஆனால் பாதிதான். இதை மட்டும் சொன்னால் விவரமான மாணவர் ஒருவர் உடனே மடக்கிவிடுவார்: நிலம் மிகவும் கொதிப்பது மே மாதத்தில், அப்போது ஏன் பருவமழை இல்லை? ராஜஸ்தானும் சிந்துவும்தான் அதிகம் சூடாகின்றன. காற்றழுத்தம் மிகக் குறைவதும் அங்கேதான். ஆனால் அது ஏன் பாலைவனம்?

மழைக்குச் சூடு மட்டும் போதாது என்பதுதான் பதில். ஈரமான காற்று பல கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டும். பாலைவனத்தின் மேல் காற்று சூடாகி ஏறினாலும், மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று அதைச் சீக்கிரமே அமுக்கிவிடுகிறது. மழை பெய்வது வேறோர் இடத்தில். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்தித்து மேலெழும் ஒரு மேகப் பட்டை பூமியைச் சுற்றிக் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடல் பக்கம் அது ஜனவரியில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும். ஜூலையில் கங்கைச் சமவெளி வரை ஏறிவரும். பருவமழையை வெறும் நிலக்காற்று, கடற்காற்றின் பெரிய வடிவமாகப் பார்க்காமல், இந்தப் பட்டை சூரியனைத் தொடர்ந்து இடம்பெயர்வதாகப் பார்க்கவேண்டும் என்று இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கில் தொடர்ந்து எழுதிவந்தார். உங்கள் முதல் காட்சி இந்தப் பட்டையாகவே இருக்கட்டும். பாடநூல் அதற்கு நீளமான பெயர் வைத்திருக்கும். குரலில் "மழைப்பட்டை" என்றே சொல்லுங்கள். ஒரு முறை காட்டிவிட்டால் மாணவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பட்டை ஏன் மழையை நிறுத்தாமல் பொழிகிறது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் அளவுக்கு நீராவி துளியானால், ஒரு கிலோவாட் அடுப்பு நாற்பது நிமிடம் எரிந்த அளவுக்கு வெப்பம் கிடைக்கும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே இன்னும் ஈரக்காற்று இழுக்கப்படுகிறது. தொடங்கியதும் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் இயந்திரம் இது. மேகத்துக்குள் ஒரு சிறு ஆரஞ்சு ஒளி துடித்து அடங்கினால் போதும்.

இனி, பெரும்பாலான வீடியோக்கள் இடறும் இடத்துக்கு வருகிறேன். நிலநடுக்கோடுதான் அது.

தெற்கிலிருந்து வடமேற்கு நோக்கி வந்த அம்பு, கோட்டைத் தொட்டவுடன் முழங்கை மடிந்ததுபோல் வலப்பக்கம் ஒடிந்து வடகிழக்கே போகும்படி வரைந்துவிடுகிறார்கள். என் முதல் வீடியோவிலும் அப்படித்தான். அதை ஒரு பள்ளியில் திரையிட்டபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "நிலநடுக்கோட்டில் சுவர் இருக்கிறதா சார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. படம் அதைத்தானே சொன்னது? உண்மையில், பூமியின் சுழற்சியால் காற்று விலகும் கொரியாலிஸ் விளைவு நிலநடுக்கோட்டில் பூஜ்யம். அங்கே அம்பு வளையாமல் போகவேண்டும். கோட்டைவிட்டு வடக்கே விலக விலகத்தான் வளைவு கூடும். ஆகவே கோட்டைத் தாண்டும் இடத்தில் அம்பு ஏறக்குறைய நேர் வடக்காக இருக்கட்டும். ஐந்தாம் பாகை, பத்தாம் பாகை என்று போகப் போக மெல்லக் கிழக்கே சாயட்டும்.

ஏன் சாய்கிறது என்பதற்கு மாணவர்களுக்குப் புரியும் கணக்கு ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 15 பாகையில் சுற்றளவு சிறியது. அங்கே வேகம் சுமார் 1,613 கி.மீ. கோட்டிலிருந்து வடக்கே போகும் காற்று தன் பழைய வேகத்தைச் சுமந்துகொண்டு போகிறது. கீழே தரை மெதுவாகிறது; காற்று முந்துகிறது; கிழக்கே விலகுகிறது. தென்பகுதியில் இதுவே திரும்பி நடக்கும். 15 பாகையிலிருந்து கோட்டை நோக்கி வரும் காற்று, வேகமாக ஓடும் தரைக்குப் பின்தங்கி மேற்கே விலகும். அதனால்தான் அங்கே அது வடமேற்காகப் போகிறது. ஒரே விதி இரண்டு வளைவுகளையும் விளக்கிவிடுகிறது. இது முழுக்கணக்கல்ல; கிழக்கு மேற்காக ஓடும் காற்றும் ஏன் விலகுகிறது என்பதை இது சொல்லாது. நம் அம்பு தெற்கிலிருந்து வடக்கே போவதால் இந்த இடத்துக்கு இது போதும்.

இன்னொரு காரணத்தையும் படத்தில் காட்டவேண்டும். நடுக்கோட்டில் மேற்கே கென்யா, எத்தியோப்பிய மேட்டுநிலம் அணைபோல் நிற்கிறது. காற்று அதில் ஏற முடியாமல், கரையை ஒட்டி ஒடுங்கி, வேகம் பிடித்து வடக்கே பாய்கிறது. சோமாலியக் கரையோரம், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்த வேகமான காற்றோட்டத்துக்கு சோமாலி ஜெட் என்று பெயர். தட்டையான வரைபடத்தில் அம்பு மட்டும் வளைந்தால் காரணம் தெரியாது. மேட்டுநிலத்துக்கு மெல்லிய நிழல் கொடுங்கள். அம்பு அதன் அருகே வரும்போது நிழல் சற்று அடர்ந்தால் கண் புரிந்துகொள்ளும்.

பாதையை உத்தேசமாக வரையவேண்டியதில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் ERA5 தரவில் ஜூலை மாதச் சராசரிக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த அடுக்கை எடுத்தால் அது மேலே சொன்ன ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குரியது. அதைப் பின்னணியில் மங்கலாக வைத்து, அதன்மேல் உங்கள் அம்பின் பாதையை வரைந்துவிட்டு, பின்னணியை நீக்கிவிடுங்கள்.

அடுத்த குழப்பம் பெயரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று என்கிறோம். அம்போ வடகிழக்கைக் காட்டுகிறது. காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயரிடுகிறோம். அம்பு போகும் திசையைக் காட்டுகிறது. நம் மொழியிலும் அப்படித்தான்: வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. ஹாலி தன் வரைபடத்தில் கோடுகளின் கூர்முனையைக் காற்று வரும் திசைக்கே வைத்தார். இன்று அப்படி வரைந்தால் யாருக்கும் விளங்காது. அம்பின் தலை போகும் பக்கமே இருக்கட்டும். ஆனால் பெயர் எழுத்தை அம்பின் வால் அருகே வையுங்கள். தலை அருகே "தென்மேற்கு" என்று எழுதினால் பார்ப்பவர் மனத்தில் திசை புரண்டுவிடும். எழுத்தை வாலுக்கு நகர்த்தியதுதான் என் வேலையில் நான் செய்த மிகச் சிறிய திருத்தம். பலன் மிகப் பெரிதாக இருந்தது.

அம்புக்கு மூன்று குணங்கள் கொடுக்கலாம்: நீளம், தடிமன், நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள்தான் இருக்கவேண்டும். முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அது மாறக்கூடாது. நான் நீளத்தை வேகத்துக்கும் தடிமனை ஈரத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். கடல்மேல் போகப் போக அம்பு தடிக்கும். மலையில் மழையைக் கொட்டியதும் மெலியும். மெலிந்த அம்பு தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது "நமக்கு ஏன் ஜூலையில் மழை குறைவு" என்ற கேள்விக்குப் பாதி பதில் குரல் இல்லாமலே கிடைத்துவிடும். நிறத்தில் எச்சரிக்கை தேவை. சூட்டுக்குச் சிவப்பு, குளிர்ச்சிக்கு நீலம், மழைக்கும் நீலம் என்று வைத்தால் பார்ப்பவர்கள் குளிர்ந்த காற்றெல்லாம் மழை தரும் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்பை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். நீலம் மழைக்கு மட்டும்.

குரலும் படமும் ஒட்டவில்லை என்றீர்களே, அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். முதலாவது, ஒரே காட்சியில் இரண்டு கடிகாரங்கள். மழைப்பட்டை தெற்கிலிருந்து வடக்கே வர ஆறு மாதம் ஆகிறது. சோமாலியக் கரையிலிருந்து கேரளம் வரை சுமார் 2,700 கி.மீ.; மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்கக் காற்றுக்கு ஐம்பது மணி நேரம், அதாவது இரண்டு நாள் போதும். ஆறு மாதத்தை எட்டு நொடியில் காட்டினால் ஒரு நொடிக்கு இருபத்திரண்டு நாள். இரண்டு நாளை ஆறு நொடியில் காட்டினால் ஒரு நொடிக்கு எட்டு மணி நேரம். இரண்டுக்கும் ஏறக்குறைய எழுபது மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து நகர்ந்தால், காற்று அரபிக்கடலைக் கடக்க நாலைந்து மாதம் ஆகிறது என்றுதான் மாணவர் புரிந்துகொள்வார். இரண்டையும் தனித்தனிக் காட்சியாக வெட்டுங்கள். முதல் காட்சியின் மூலையில் மாதப் பெயர் மாறும் நாட்காட்டி; இரண்டாவதில் "ஜூலை, நாள் 1" என்று ஓடும் எண்.

கேரளத்தில் ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 8-இல் நாடு முழுவதும் பரவும் கோடுகளைக் காட்டுவதாக இருந்தால் அது நாட்காட்டிக் காட்சியில் வரவேண்டும். அருகே "சராசரித் தேதி" என்று எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மழை வந்து நிற்பதில்லை.

இரண்டாவது காரணம் தமிழின் வாக்கிய அமைப்பு. நம் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "தெற்கிலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியபின் கிழக்கே வளைகிறது" என்ற வாக்கியத்தில் வளைவு ஏழாவது சொல். வாக்கியம் தொடங்கும்போதே அனிமேஷனைத் தொடங்கினால் அம்பு வளைந்து முடிந்து நின்றுகொண்டிருக்கும். குரல் இன்னும் தாண்டிக்கொண்டே இருக்கும். வேறு மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை மொழிபெயர்த்து அதே நேரக்குறிப்பில் பதிவு செய்தால் இந்தப் பிசகு நிச்சயம். அதனால் நேரத்தை வாக்கியத்தின் தொடக்கத்தில் குறிக்காமல் வினைச்சொல்லின் மேல் குறியுங்கள். அம்பு வளையத் தொடங்கி அரை நொடி கழித்து "வளைகிறது" காதில் விழவேண்டும். கண் முதலில் பார்த்து, "அது என்ன?" என்று நினைக்கும் நேரத்தில் சொல் வந்து சேரவேண்டும். வாக்கியங்களைச் சிறிதாக்குவதும் உதவும்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை, ஒரு வினைக்கு ஓர் அசைவு.

விளக்க வீடியோவுக்குத் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் மூச்சு வாங்குவது கேட்கும் என்பது என் அனுபவம். நம் சொற்கள் நீளமானவை. "நிலநடுக்கோட்டைத் தாண்டியதும்" இரண்டே சொல்தான், ஆனால் இரண்டு நொடி. அப்படிப் பார்த்தால் மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல். அதிலும் படம் மட்டும் பேசும் மௌனங்களுக்காக ஐம்பதைக் கழித்துவிடுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் நானூறைத் தாண்டியிருந்தால், குரலும் படமும் ஒட்டாத குறை அங்கேயே தெரிந்துவிட்டது.

நிலநடுக்கோட்டுக் காட்சியை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

0:42 படம்: மடகாஸ்கருக்குக் கிழக்கே மெல்லிய வெள்ளை அம்பு தோன்றி வடமேற்காக நகர்கிறது. மூலையில் "ஜூலை, நாள் 1".
0:43 குரல்: "தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து இந்தக் காற்று புறப்படுகிறது."
0:48 மூன்று நொடி மௌனம். அம்பு நகர்ந்தபடி லேசாகத் தடிக்கிறது.
0:51 படம்: அம்பு நிற்கிறது, நாள் எண்ணும் நிற்கிறது. பூமிக்கோளம் மெல்லச் சுழல்கிறது. நடுக்கோட்டில் நீளமான கோடு, 15 பாகையில் குட்டையான கோடு.
0:52 குரல்: "பூமி கிழக்கே சுழல்கிறது. நடுக்கோட்டில் தரை மிக வேகமாக ஓடுகிறது. வடக்கே போகப் போக வேகம் குறைகிறது."
1:01 படம்: மீண்டும் வரைபடம். அம்பு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தை ஒட்டி நேர் வடக்காகக் கோட்டைத் தாண்டுகிறது. "நாள் 5".
1:02 குரல்: "மேற்கே மேட்டுநிலம் வழிமறிக்கிறது. காற்று வடக்கே போகிறது. மெதுவாகும் தரையை முந்துகிறது. கிழக்கே வளைகிறது."
1:11 மூன்று நொடி மௌனம். அம்பு அரபிக்கடலுக்குள் வில்லாக வளைகிறது.
1:14 குரல்: "தென்மேற்கிலிருந்து வருவதால், இதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று என்று பெயர்."
1:15 அம்பின் வாலருகே அந்தப் பெயர் எழுகிறது. 1:20 வெட்டு.

நாற்பது நொடிக்குக் குறைவான இந்தக் காட்சிக்கு நாற்பது சொல்கூட ஆகவில்லை. 0:51-இல் அம்பை நிறுத்தியதைக் கவனியுங்கள். புதிய கருத்தை விளக்கும் நேரத்தில் பழைய அசைவு ஓடிக்கொண்டிருந்தால் கண் அதன் பின்னாலேயே போய்விடும். குரல் வீண்.

கேரளக் கரை வந்ததும் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு மாறுங்கள். மழை உருவாவது மேலே ஏறுவதால். மேலிருந்து பார்க்கும் படத்தில் "மேலே" என்பதைக் காட்ட வழியே இல்லை. இந்தத் திருப்பத்தை வெட்டாகச் செய்யாமல், வரைபடமே முன்பக்கமாகச் சாய்ந்து மலைகள் எழும்பிவருவதாகச் செய்தால் இடம் தவறிப்போகாது. மலையின் உயரத்தைப் பல மடங்கு பெரிதாக்கத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் மலை வெறும் கோடாகத் தெரியும். பெரிதாக்கியிருக்கிறோம் என்பதை ஒரு மூலையில் எழுதிவிடுங்கள்.

இங்கே குரலுக்குப் பதிலாக ஒரு வெப்பமானியை அம்போடு ஓடவிடலாம். கடற்கரையில் காற்று 28 டிகிரி என்று வையுங்கள். மேகம் கட்டாத காற்று ஏறும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். 500 மீட்டரில் 23 டிகிரி. ஈரம் துளியாகத் தொடங்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். அங்கிருந்து 1,200 மீட்டர் முகடு வரை மேகத்துக்குள் ஏறுகிறது. துளியாகும்போது வெளிப்படும் வெப்பத்தால் இப்போது குளிர்வது மெதுவாகிறது. மூன்று டிகிரிதான் குறைகிறது. முகட்டில் 20 டிகிரி. மழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்தது. மறுபக்கம் மேகமில்லாத காற்று இறங்கும்போது மறுபடி கிலோமீட்டருக்குப் 10 டிகிரி ஏறுகிறது. 1,200 மீட்டர் இறங்கினால் 12 டிகிரி. தரைக்கு வரும்போது 32. கிளம்பியதைவிட நான்கு டிகிரி சூடு, ஈரமும் போய்விட்டது. மழை மறைவுப் பிரதேசம் என்பதை வரையறையாக மனப்பாடம் செய்த மாணவர், இந்த 28, 23, 20, 32 என்ற நான்கு எண்களைப் பார்த்தால் அதைத் தானே கண்டுபிடித்ததுபோல் உணர்வார். ஈரம் முழுவதும் முகட்டுக்கு முன்பே விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டதால் இது நேர்த்தியாக வருகிறது. நிஜத்தில் கொஞ்சம் ஈரம் தாண்டி வரும். குற்றாலத்துச் சாரல் அப்படி வருவதுதான். பாலக்காட்டுக் கணவாய் போன்ற இடைவெளிகளில் காற்று ஏறாமலே நுழைந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்தார்களே, மழையில்லாமல் காற்று மட்டும் வரும் அந்த நாட்கள் இவைதான். இந்தப் பழமொழியைக் குரலில் ஒரு முறை சொல்லுங்கள். மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு படம் போய் ஒட்டிக்கொள்ளும்.

கடைசிப் பகுதி வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதுதான் சொந்த மழை. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கிடைக்கிறது. இங்கே ஒரு பிழையை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்: தென்மேற்கு அம்பு இமயமலையில் மோதி, பந்துபோல் திரும்பி வடகிழக்குக் காற்றாக வருவதாகக் காட்டுவது. இமயமலை காற்றைத் தடுத்துக் கங்கைச் சமவெளி வழியே மேற்கே திருப்புகிறது என்பது உண்மை. ஆனால் அக்டோபர் காற்று அந்த ஜூலைக் காற்றின் எதிரொலி அல்ல. மழைப்பட்டை தெற்கே இறங்கிவிட்டது. வடக்கே நிலம் குளிர்ந்து அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து புதிய காற்று கிளம்புகிறது. எனவே பழைய அம்பைத் திருப்பாதீர்கள். அது மங்கி மறையட்டும், நாட்காட்டி அக்டோபருக்குப் புரளட்டும், மழைப்பட்டை தென் வங்கக்கடலுக்கு இறங்கட்டும்; பிறகு வடக்கே ஒரு புது அம்பு பிறக்கட்டும்.

அந்த அம்பு நிலத்தின்மேல் மெல்லியதாக, வறண்டதாகத்தான் இருக்கவேண்டும். வங்கக்கடலுக்கு மேல் வந்தபின் தடிக்கவேண்டும். இதே வலப்பக்க விலகல்தான் அதைத் தென்மேற்காகத் திருப்பி நம் கரைக்குக் கொண்டுவருகிறது. கோளமும் இரண்டு கோடுகளும் ஒரே நொடி திரும்பித் தோன்றினால் பழைய விளக்கம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் ஜூலையைப்போல் இங்கே மலையில் மோதுவது மட்டும் மழைக்குக் காரணமல்ல. கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும்தான் பெருமழையைக் கொண்டுவருகின்றன. அதனால்தான் அடைமழை ஐந்து நாள், வெயில் பத்து நாள் என்று விட்டுவிட்டு வருகிறது. படத்தில் இதை ஓடும் அம்பாகக் காட்டாமல், கரையை நோக்கி வரும் இரண்டு மூன்று சுழல்களாகக் காட்டுங்கள். சுழல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றவேண்டும். அவசரத்தில் மாற்றி வரைந்துவிடுவது சகஜம்.

வரைபடம் பற்றி ஒரு சொல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலக வரைபடங்கள் பல, இந்திய எல்லையை இந்திய சர்வே துறையின் வரைபடத்துக்கு மாறாகக் காட்டும்; அதை வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம். காற்றுக்கு எல்லைக்கோடு எதற்கு? கரையோரமும் மலைகளும் மட்டும் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கலும் தீரும், திரையும் தெளியும்.

திருத்திய மாதிரியைக் காட்டும்போது முதலில் ஒலியை அணைத்துக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் வெறும் கரையோரம் அச்சிட்ட ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, காற்று வந்த வழியை வரையச் சொல்லுங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். நிலநடுக்கோட்டில் கோடு ஒடிந்திருந்தால் அங்கே உங்கள் வளைவு போதாது. இமயத்தில் முட்டித் திரும்பியிருந்தால் இரண்டு அம்புகளுக்கிடையே இடைவெளி போதாது. அரபிக்கடலில் தொடங்கியிருந்தால் மடகாஸ்கர் காட்சி வேகமாக ஓடிவிட்டது. ஐந்து பேரிடம் செய்தாலே எந்த நொடியைத் திருத்துவது என்று தாள்கள் காட்டிவிடும். குரல் பதிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.